கரிசலில் ஆறு வாரத்துக்கு மேல் தெரியாது

குருவிகுளம் பக்கம் யாராவது புதிதாக வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "இத்தனை காத்தாடி எப்படிங்க நட்டாங்க?" கோவில்பட்டியில் இருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸில் போனால் ஜன்னலில் கரிசல் காடும் காற்றாலையும் மாறி மாறி வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் ஒரு திறந்த வாசல். தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கம் மழையாகிற காற்று, வாசல் வழியாக நம் பக்கம் வெறும் காற்றாக வந்து விழுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது மேல்காற்று. வைகாசி பிறந்தால் ஓலையும் தூசியும் பறக்கும்.

நட்டது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. கிரேன் வச்சுத்தான் என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையில் கிரேன் வைப்பது கடைசி வேலை. அதுவரை என்ன நடக்கும் என்பதைத் தாளில் எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. சைட்டில் எனக்குப் பெயர் பிளானிங் இன்ஜினியர். தாளில் எழுதியது நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்த மண்ணில் எதற்குத் தாள் என்று என் தகப்பனாரே கேட்டிருக்கிறார். அவருக்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் தாமதம்.

சில வருடத்துக்கு முன் குருவிகுளத்துக்குக் கிழக்கே பன்னிரண்டு காற்றாலைகள் நிறுத்தும் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். எங்கள் பாஷையில் ஒவ்வொரு காற்றாலை நிற்கும் இடமும் ஒரு 'லொகேஷன்'. கணக்கு மேலோட்டமாக எளிது. வடகிழக்கு மழை ஓயும் டிசம்பர் கடைசியில் தோண்ட ஆரம்பிக்க வேண்டும். மேல்காற்று பிடிக்கும் முன், மே 15-க்குள் கடைசி பிளேடு ஏறிவிட வேண்டும். நடுவில் உள்ள நாலரை மாதம்தான் நமக்குச் சொந்தம். அதற்கு முன்னால் சேறு, பின்னால் காற்று.

சேறு என்றால் சும்மா சேறு இல்லை. கரிசல் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவு வெடிக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் சைக்கிள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பி, சைக்கிளை நாம்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த மண்ணில் பல நூறு டன் கிராலர் கிரேன் நடக்க வேண்டும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். காற்று வேறு விதம். பிளேடைத் தூக்கும்போது மேலே காற்று நொடிக்கு எட்டு மீட்டரைத் தாண்டினால் எங்கள் மெஷினில் கை வைக்கக் கூடாது. எல்லை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஜூன் மாதத்தில் அந்த அளவு காற்று இல்லாத நேரத்தைத் தேடிப் பிடிப்பதே வேலையாகிவிடும்.

தலைமை அலுவலகத்துக்கு முதல் நாளே முழு அட்டவணை வேண்டும். பன்னிரண்டு லொகேஷன், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது வேலை, ஒவ்வொன்றுக்கும் தேதி. ஏப்ரல் 11 அன்று பதினோராவது லொகேஷனில் எந்த போல்ட்டை முறுக்குவோம் என்றுகூட அதில் இருக்கும். அப்படி ஒரு அட்டவணையை ஒரு காலத்தில் நானும் போட்டிருக்கிறேன். மூன்றாவது வாரமே அதை யாரும் திறக்கவில்லை. சூப்பர்வைசர் தன் டைரியில் தனியாக ஒன்று எழுதி, அதன்படி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்கு ஒரு அட்டவணை, சைட்டுக்கு ஒரு டைரி. அந்த அட்டவணைக்காக எனக்கு எதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று இன்றும் புரியவில்லை.

இந்த முறை வேறு மாதிரி செய்தோம். ரோலிங் வேவ் பிளானிங் என்று புத்தகங்களில் சொல்வார்கள். அலை உருண்டு வருவது போலத் திட்டமும் உருண்டு வரும். கிட்டத்தில் இருப்பது துல்லியம், தூரத்தில் இருப்பது உருவம் மட்டும். வாரம் நகர நகர, உருவம் கிட்டே வந்து துல்லியமாகும். எங்கள் தாளில் அடுத்த இரண்டு வாரம் நாள்வாரியாக இருந்தது: யார், எந்த மெஷின், எத்தனை மணிக்கு. மூன்றாவது வாரத்தில் இருந்து ஆறாவது வாரம் வரை வேலையின் பெயர் இருக்கும், தேதி இருக்காது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'தடை' என்று ஒரு பத்தி. என்ன தடை, யார் நீக்குவது, எந்தத் தேதிக்குள். ஆறு வாரத்துக்கு அப்பால் வெறும் எண்ணிக்கை: "அடித்தளம் ஆறு, ஒன்றுக்குப் பதினைந்து நாள், மூன்று செட் ஆட்கள்." அவ்வளவுதான்.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால், முடியும் தேதியைச் சொல்ல அதுவே போதும். மூன்று செட் ஆட்கள், ஒன்றுக்குப் பதினைந்து நாள் என்றால் ஐந்து நாளுக்கு ஒரு அடித்தளம். பன்னிரண்டுக்கு அறுபது நாள். டிசம்பர் 26-இல் தொடங்கினால் பிப்ரவரி கடைசி வாரம். கான்கிரீட் போட்டு 28 நாள் கியூப் டெஸ்ட் வந்த பிறகுதான் அதன்மேல் டவர். முதல் அடித்தளம் அந்தக் கணக்கில் பிப்ரவரி முதல் வாரம் தயார். கிரேனைப் பிப்ரவரி 10-இல் நிறுத்தினால், ஒன்றுக்கு ஆறு நாள் வீதம் 72 நாள், ஏப்ரல் 23. மே 15-க்கு 22 நாள் மிச்சம். அந்த 22-ஐத் தாளின் தலையில் பெரிதாக எழுதினேன். சனிக்கிழமை தோறும் அந்த எண் மட்டும் மாறும். முடியும் தேதியை யாரும் தொடக் கூடாது.

இது அற்ப விஷயம் போலத் தெரியும். திட்டத்தை உருட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாரா வாரம் முடியும் தேதியையும் சேர்த்து உருட்டிவிடுவதுதான் இந்த முறையில் நடக்கும் பெரிய திருட்டு. இரண்டு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. யாருக்கும் வலிக்காது, ஏப்ரலில் பார்த்தால் ஜூன் வந்திருக்கும். கையிருப்பு நாளைத் தலையில் எழுதி வைத்தால் அது குறைவது கண்ணில் படும்.

முதல் மூன்று லொகேஷன் சிக்கல் இல்லாமல் போனது. கரிசலுக்குக் கீழே எங்கள் பக்கம் சுக்கான் பாறை வரும், சுண்ணாம்பு இறுகிய வெள்ளை அடுக்கு. அது தட்டுப்பட்டால் நிம்மதி. நாலாவது லொகேஷனில் போர் போட்டுப் பார்த்தபோது இரண்டரை மீட்டரில் சுக்கான் என்று ரிப்போர்ட். போர் போட்டது குழியின் நடு மையத்தில். குழியோ பதினெட்டு மீட்டர் அகலம். ஜனவரி இரண்டாம் வாரம் தோண்டினால், மேற்குப் பக்கம் வெள்ளை, கிழக்கு ஓரம் முழுக்கக் கறுப்பு. இன்னும் ஒன்றரை மீட்டர் தோண்டினோம், அப்போதும் கறுப்பு.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து எட்டிப் பார்த்தார். "இது ஓடைல்லா தம்பி. எங்க தாத்தா காலத்துல தூர்ந்துபோச்சு. அந்தா அந்தப் புளியமரம் வரைக்கும் போகும்."

அந்த ஓரத்தைத் தோண்டி, மட்டமான கான்கிரீட்டால் நிரப்பி மேலே கொண்டுவர ஆறு நாள் கூடுதல். நல்லவேளை, நாலாவதன் மேல் கிரேன் வரும் நாள் தள்ளி இருந்ததால் 22 அப்படியே நின்றது. ஆனால் அவர் கை காட்டிய திசையில் புளியமரம் மட்டும் இல்லை, எங்கள் ஐந்தாவது, ஒன்பதாவது லொகேஷனும் இருந்தன. ஒன்பதாவது நாலு வாரத்துக்கு அப்பால். தாளில் அதற்கு வேலையின் பெயர்தான், தேதி கிடையாது.

அன்று மாலையே ஒரு ஜேசிபியை அனுப்பி இரண்டு இடத்திலும் ஓரங்களில் நாலு நாலு சோதனைக் குழி எடுத்தோம். லொகேஷனுக்கு இரண்டு மணி நேர வேலை. ஐந்தில் ஓடை இல்லை. ஒன்பதில் இருந்தது, வடகிழக்கு மூலையில். அதற்கான டிசைன் மாற்றம், கூடுதல் கான்கிரீட், எல்லாம் நாலு வாரம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஒன்பதாவதைத் தோண்டும்போது யாரும் அதிர்ச்சி அடையவில்லை.

எனக்கு இந்த முறை பிடிபட்டது அந்தச் சாயங்காலம்தான். அதுவரை, தூரத்தில் இருப்பது தானாகக் கிட்டே வந்து தெளிவாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தானாக எதுவும் தெளியாது. தூரத்து வேலையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்வதையே ஒரு தனி வேலையாக்கி, இந்த வாரத் தாளில் ஆளும் மெஷினும் போட்டு வைக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வாரத் தாளில் எப்போதும் இரண்டு மூன்று வரி இப்படி இருக்கும்: குழி எடுத்துப் பார், ரோட்டு வளைவை அளந்து வா, இன்னார் காட்டில் அறுவடை எப்போது என்று கேள்.

அந்தக் கடைசி வரி ஏழாவது லொகேஷனுக்காக. இடம் எங்களுடையது, போகிற பாதை அடுத்தவர் மிளகாய்க் காடு. வண்டிப் பாதைக்கு வாடகை, பயிருக்கு நஷ்டஈடு எல்லாம் பேசிப் பார்த்தோம். அந்தச் சம்சாரி அசையவில்லை.

"வத்தல் எடுக்காம வழி விட முடியாது தம்பி. மாசிக் கடைசி ஆகும்."

"கொஞ்சம் முன்னாடி பாருங்க அண்ணாச்சி."

"நான் பாத்தாப் பழுக்குமா?"

அவரைத் தப்பு சொல்ல முடியாது. மானாவாரி விவசாயம் செய்கிறவர்கள் இந்த வித்தையை எங்களுக்கு முன்னாலேயே செய்கிறவர்கள். புரட்டாசியில் மழைக்கு முன் பருத்தியும் சோளமும் விதைக்க ஒரு ஏற்பாடு. மழை தள்ளிப்போனால் அந்த விதையை வீட்டில் வைத்துவிட்டு, மல்லியோ கொண்டைக்கடலையோ போட மனதில் இன்னொரு ஏற்பாடு. எந்தத் தேதி தாண்டினால் எதை விடுவது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஏழாவதைத் தள்ளிப்போட்டால் போயிற்று என்று தோன்றும். கிரேன் அப்படி விடாது. பூமைத் தூக்கிய நிலையில் அது லொகேஷனில் இருந்து லொகேஷனுக்கு நடந்து போனால் ஒரு நாள். நடுவில் ஈ.பி. கம்பியோ தார் ரோடோ குறுக்கிட்டால் பெரும்பாலும் பிரித்து, ட்ரெய்லர்களில் ஏற்றி, அந்தப் பக்கம் மறுபடி பூட்ட வேண்டும். எங்களுக்கு அது ஐந்து நாள். ஏழை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு திரும்பி வந்தால் பத்து நாள் காலி. ஆகவே வழியையே மாற்றி, கிரேன் மறுமுனையில் தொடங்கி ஏழில் முடிகிற மாதிரி வைத்தோம். வேலை ஏப்ரலில் நடப்பதுதான். ஆனால் முடிவைப் பிப்ரவரி 10-க்கு முன்னால், கிரேனைப் பூட்டும் முன்னால் எடுத்தாக வேண்டும். பூட்டிய பிறகு யோசித்துப் பயன் இல்லை.

இதனால் தாளில் இன்னொரு பத்தி சேர்ந்தது: 'முடிவுக்குக் கடைசி நாள்'. வேலை எப்போது என்பது வேறு, அதைப் பற்றிய முடிவு எப்போது என்பது வேறு. தூரத்து வேலைகளுக்கு முதல் தேதி வேண்டாம், இரண்டாவது கண்டிப்பாக வேண்டும். கிரேனையே அக்டோபரில் பேசி வைத்தோம், சைட்டில் ஒரு கூடை மண்கூட அள்ளாத நேரத்தில். அடித்தளத்தின் நடுவே நிற்கும் ஆங்கர் போல்ட் கூண்டுகள் பன்னிரண்டையும் ஒரே ஆர்டரில் போட்டோம். அதில் உருட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆர்டர் கொடுத்துப் பல வாரம் கழித்து வரும் சாமானுக்கு ஆறு வார அலை பொருந்தாது.

வானிலையைப் பொறுத்தவரை ஆறு வாரமே பேராசை. வானிலைத் துறை வியாழக்கிழமை தோறும் நாலு வாரத்துக்கு ஒரு உத்தேசம் சொல்கிறது. அதை வைத்து மழை கூடுமா குறையுமா என்று ஒரு சாய்வு தெரிந்துகொள்ளலாம், கான்கிரீட் போட நாள் குறிக்க முடியாது. மாவட்டத்துக்கு ஐந்து நாள் முன்னறிவிப்புதான் அதற்கு உதவும். எங்கள் அடித்தளம் ஒன்றுக்குச் சுமார் 450 கன மீட்டர் கான்கிரீட். ஆறு கன மீட்டர் வண்டி என்றால் எழுபத்தைந்து நடை. நடுவில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் மூட்டு விழும். ஆகையால் காலையில் தொடங்கினால் ராத்திரி ஆனாலும் ஒரே மூச்சு. அதனால் கான்கிரீட் நாள் மட்டும் இரண்டு வாரத் தாளில்கூடப் பென்சிலில்தான் இருக்கும். ஐந்து நாள் இருக்கும்போது பேனா.

இப்போது நான் சறுக்கிய இடம். பிளேடுகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்து ராத்திரியில் வரும். ஒரு பிளேடு ஏறக்குறைய அறுபது மீட்டர். தாளில் ஆறு வாரத்துக்கு அப்பால் "பிளேடு போக்குவரத்து: ரோடு சரிபார்த்தல்" என்று ஒரு வரி. டிசம்பரில் எழுதினேன். ஜனவரியில் அது ஆறு வார எல்லைக்குள் வந்தது. வந்த பிறகும் அதே வரி. ஒவ்வொரு சனியும் படித்தோம், போக்குவரத்துக்காரர் "பாத்துட்டிருக்கோம் சார்" என்றார், அடுத்த வரிக்குப் போனோம். பிப்ரவரி தொடக்கத்தில்தான் ஆள் போய் அளந்தான். ஊருக்கு உள்ளே திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பாலம், வண்டியின் பின் சக்கரம் அதன் ஓரத்தில் ஏறித்தான் திரும்ப முடியும், ஓரம் தாங்காது. பலப்படுத்தி, அனுமதி வாங்கி முடிக்கும்போது கிரேன் வந்து ஒன்பது நாள் சும்மா நின்றிருந்தது. அதற்கு நின்றாலும் வாடகை, நடந்தாலும் வாடகை. தலையில் இருந்த 22 இப்போது 13 ஆனது.

பின்னால் பழைய தாள்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். மற்ற எல்லா வரியும் சனிக்குச் சனி மாறியிருக்கிறது, பிரிந்திருக்கிறது, பெயரும் தேதியும் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் ஐந்து வாரம் எழுத்து மாறாமல் கிடக்கிறது. அதைத் தூரத்து வேலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் யாரும் தொடாத வேலை. இப்போதெல்லாம் சனிக்கிழமை நான் முதலில் தேடுவதே மாறாத வரியைத்தான். ஆறு வாரத்துக்குள் வந்த எந்த வரியும் இரண்டு சனிக்கு மேல் அதே சொல்லில் இருக்கக் கூடாது.

இன்னொரு அளவும் வைத்திருந்தோம். இந்த வாரம் முடிப்பதாக ஆட்கள் வாய்விட்டுச் சொன்ன வேலை எத்தனை, முடிந்தது எத்தனை. கட்டுமானத் துறையில் இதைப் பிரபலமாக்கியவர் கிளென் பாலார்ட் என்ற அமெரிக்கர். அவர் பல சைட்டுகளில் எண்ணிப் பார்த்தபோது, ஒப்புக்கொண்ட வேலைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் வாரக் கடைசியில் முடிந்திருந்ததாம். எங்கள் முதல் வாரக் கணக்கு இருபதுக்குப் பதினொன்று. அமெரிக்காவுக்கும் குருவிகுளத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று சூப்பர்வைசர் சந்தோஷப்பட்டார். தடை நீங்காத வேலையை இரண்டு வாரத் தாளில் ஏற்றுவதில்லை என்று கறாராக இருந்த பிறகு பதினாறு, பதினேழுக்கு வந்தது. கம்பி வந்து சேரவில்லையா, அந்த வேலை கீழேயே இருக்கட்டும். ஆட்கள் சும்மா இருப்பார்களே என்று தலைமை அலுவலகத்தில் இருந்து போன் வரும். முடியாத வேலைக்கு ஆள் போட்டால் அவர்கள் சும்மா இருப்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைமை அலுவலகத்துக்கு இந்தத் தாள் கடைசி வரை பிடிக்கவில்லை. அவர்களுக்கு வாடிக்கையாளரிடம் காட்ட ஒரு முழுப் படம் வேண்டும், பணம் வருவது அந்தப் படத்தின் தேதிகளை வைத்து. அது நியாயம்தான். ஆகவே பன்னிரண்டு கட்டை மட்டும் உள்ள ஒரு படம் கொடுத்தேன், லொகேஷனுக்கு ஒன்று. தூரத்துக் கட்டைகளின் முனை மங்கலாக, இந்தத் தேதியில் இருந்து அந்தத் தேதிக்குள் என்று. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சிறு வேலைக்கும் தேதியும் அபராதமும் எழுதிவிட்டால் இந்த முறை ஓடாது. மங்கலான முனைக்கு யாரும் அபராதம் போட முடியாது, ஆகவே ஒப்பந்தம் போடுகிறவர்கள் மங்கலை விரும்புவதில்லை.

ஏழாவது லொகேஷனுக்கு வருவோம். மாசிக் கடைசி என்றவர் பங்குனி பத்து வரை பழம் எடுத்தார். கான்கிரீட் போட்டது ஏப்ரல் 6. இருபத்தெட்டு நாள் கணக்குப் பார்த்தால் மே 4. கிரேன் ஏப்ரல் 26-க்கே அங்கே வந்து நின்றுவிட்டது. தலையில் 5 என்று எழுதினேன். அதன் பிறகு மேல்காற்று சீக்கிரமே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. பகலில் கிரேன் உச்சியில் இருந்த காற்றுமானி பத்து, பதினொன்று என்று காட்டும், விடியற்காலையில் இறங்கும். மூன்றாவது பிளேடுக்கு மட்டும் நாலு ராத்திரி எல்லோரும் முழித்துக் கிடந்தோம். மே 17 காலை அது ஏறியது. இரண்டு நாள் தாமதம்.

ஆனால் அந்தத் தாள்களில் எனக்குப் பிடித்த வரி பிளேடு பற்றியது இல்லை. ஏப்ரல் நடுவில், கிரேன் வருவதற்குப் பத்து நாள் முன், ஏழில் சரள் கொட்டி உருளை ஓட்டி கிரேன் பேடு தயார் செய்திருந்தோம். சுற்றிலும் வெடித்த கரிசல், நடுவில் கெட்டியாக, மட்டமாக, ஈரமில்லாமல் ஒரே ஒரு இடம். மறுநாள் போனால் பேடு முழுக்கத் தார்ப்பாய், அதன்மேல் மிளகாய். செக்கச் செவேல் என்று இருந்தது.

"நாலு நாள் தம்பி. களத்துல இடமில்ல. காஞ்சதும் அள்ளிருவேன்."

சனிக்கிழமைத் தாளில், கிரேன் ஏழாவது லொகேஷனுக்கு நடப்பது என்ற வரிக்கு எதிரே தடை பத்தியில் எழுதினேன்: வத்தல். நீக்குபவர்: அண்ணாச்சி. தேதி: காய்ந்ததும்.